6,800 ரூபாய்க்கு வாங்கிய எட்டு வீண் பலகைகள்: இருமொழி அறிவிப்பு அச்சிடுவோர் கவனத்திற்கு

நேற்று மாலைதான் டிடிபி கடைக்காரரின் கடைசிப் பதிலும் வந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பின் எட்டு பிளாக்குகளுக்கும் விதிமுறைப் பலகை வைக்க முடிவு செய்து, ஏ3 அளவில், இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் ஆங்கிலமுமாக, பன்னிரண்டு விதிகளையும் நேருக்கு நேர் அமைத்துத் தருமாறு ஒரு டிடிபி கடையில் கொடுத்தேன். பலகை ஒன்று 850 ரூபாய், ஆக 6,800 ரூபாய்.

கடைக்காரர் அனுப்பிய பிடிஎஃப் மாதிரியில் குறையே இல்லை. தமிழில் நான்கு வரி ஓடிய விதிக்கு ஆங்கிலத்தில் மூன்று வரிதான் என்றாலும், அடுத்த விதி இரு பக்கமும் ஒரே மட்டத்தில் தொடங்கியது. அதைப் பார்த்து நம்பி, முழுப் பணத்தையும் அன்றே அனுப்பிவிட்டேன். அந்த நேர்த்தியை அவர் எப்படிக் கொண்டுவந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை.

பலகைகள் வந்தபோது முதல் இரண்டு விதிகள் ஏறக்குறைய சரியாக இருந்தன. அதன் பிறகு தமிழ் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. ஏழாவது தமிழ் விதிக்கு எதிரே ஆங்கிலத்தில் எட்டாவது விதி நின்றது. ஏழாவது, விருந்தினர் இடத்தில் வண்டி நிறுத்தினால் 500 ரூபாய் அபராதம் என்பது; எட்டாவது, குப்பையைப் பிரிக்காவிட்டால் 250 ரூபாய் என்பது. வண்டிக்கு 250தானே என்று முதல் நாளே ஒருவர் வாதிட வந்துவிட்டார்.

கடையில் கேட்டேன். "தமிழ் ஃபான்ட் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். மாதிரியின் மேற்பாதியை அளவு குறைக்காமல் அச்செடுத்து, ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். அதில் பத்துத் தமிழ் வரிகள் சுமார் 63 மில்லிமீட்டர், அதாவது வரிக்கு 18 பாயிண்ட். பலகையில் அதே பத்து வரிகள் சுமார் 70 மில்லிமீட்டர், வரிக்கு ஏறத்தாழ 20 பாயிண்ட். ஆங்கிலம் இரண்டிலும் 15 பாயிண்டிலேயே நின்றது. வரிக்கு 2 பாயிண்ட் கூடினால் முப்பது தமிழ் வரிகளுக்குள் 60 பாயிண்ட் விலகும்; அது நான்கு ஆங்கில வரிகளின் உயரம்.

அழுத்திக் கேட்ட பிறகுதான் உண்மை வெளிவந்தது. அவர் வேர்டில் பக்கத்தை இடம் வலமாக இரண்டு பத்திகளாகப் பிரித்து, ஆங்கில விதிகளுக்கு இடையில் எண்டர் தட்டித் தட்டி மட்டம் சேர்த்திருக்கிறார். வரி இடைவெளியை ஒற்றை என்று விட்டுவிட்டால் வரியின் உயரத்தை எழுத்துருவே தீர்மானிக்கும். அச்சகத்துக்குப் போனது நான் ஒப்புதல் கொடுத்த பிடிஎஃப் அல்ல, வேர்டு கோப்பு. அங்கே அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாததால் வேறொன்று ஏறிக்கொண்டது; அதன் வரி உயரம் வேறு. எண்டர் தட்டிய கணக்கெல்லாம் பாழ்.

"திருத்தித் தருகிறேன்" என்று அவர் அனுப்பிய இரண்டாவது மாதிரி இன்னும் மோசம். வரி இடைவெளியில் Exactly என்று கொடுத்து, தமிழ் வரிகளையும் ஆங்கிலத்தைப் போல 15 பாயிண்டுக்கு நசுக்கியிருந்தார். எழுத்தின் அளவைக் குறைக்காமல் வரியை மட்டும் நசுக்கியதால் மேற்பகுதி வெட்டுப்பட்டு, புள்ளிகள் மறைந்து, ஈகாரச் சுழியும் போய்விட்டது. "நீர்" என்பது "நிர" என்று தெரிந்தது. இதைச் சொன்னதற்கு, "நீங்கதானே சார் ரெண்டும் ஒரே ஹைட் வேணும்னீங்க" என்றார். மறு அச்சுக்குத் தனிக் கட்டணமாம். மூலக் கோப்பைக் கேட்டால் அதற்கும் தனிக் கட்டணமாம். ஒப்புதல் கொடுத்தது நான் என்பதால் 6,800 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாதாம். நேற்று வந்த கடைசிப் பதில் ஒரு கும்பிடு பொம்மை மட்டுமே.

பிறகு நானே உட்கார்ந்து அமைத்தேன். ஒரு மணி நேர வேலைதான். பத்திகளை விட்டுவிட்டு, இரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணை போட்டு, ஒரு விதிக்கு ஒரு வரிசை என்று வைத்தேன். தமிழ் நான்கு வரி ஓடினால் வரிசை முழுவதும் அந்த உயரத்துக்கு நீளும். ஆங்கிலத்தின் அடியில் வெற்றிடம் தானாக விழும். அடுத்த விதி இரு பக்கமும் ஒன்றாகத் தொடங்கும். வரி உயரத்தை இரு மொழிக்கும் Exactly 20 பாயிண்ட் என்று வைத்தேன். தமிழுக்குப் போதுமானதை முதலில் பார்த்து, ஆங்கிலத்தை அதற்கு உயர்த்த வேண்டும். தமிழ்க் கட்டத்துக்கு அகலத்தில் சற்றுக் கூடுதல் கொடுத்ததில் இரண்டு விதிகளில் ஒரு வரி குறைந்தது.

விரிவாக எழுத எண்ணியிருந்தேன், பொறுமை இல்லை. மாதிரியில் கடைசி விதியின் மட்டத்தைப் பாருங்கள், முதல் விதியை அல்ல. எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப்தான் அச்சுக்குப் போக வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஒரு பலகையை மட்டும் அச்சிட்டுக் கையில் வாங்கிப் பார்க்கும் வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். என் 6,800 ரூபாய் எட்டுப் பலகைகளாக மாடிப்படியின் கீழே கிடக்கிறது.