கடைசி நேரத்தில் சந்திப்பைத் தள்ளிப்போடுவது: சில வருடங்களாக நான் பயன்படுத்தும் முறை

வாடிக்கையாளர்கள், சப்ளையர்கள், தணிக்கையாளர்கள் என்று வெளி நிறுவனத்தாரோடுதான் என் வேலையில் பாதி நேரம் போகும். உள் அலுவலகக் கூட்டம் என்றால் ஒரு வரி போட்டு நேரத்தை மாற்றிவிடலாம். வெளியாளிடம் அது நடக்காது. அவருடைய காலெண்டர் நமக்குத் தெரியாது, நம்முடையது அவருக்குத் தெரியாது. சந்திப்புக்கு இன்னும் சில மணி நேரம்தான் இருக்கிறது என்ற நிலையில் நான் கடைப்பிடிக்கும் முறை இது: முதலில் தொலைபேசியில் அல்லது குறுஞ்செய்தியில் சொல்வது, உடனே மூன்று மாற்று நேரங்களோடு ஒரு மின்னஞ்சல், அப்புறம் காலெண்டரில் இருக்கும் பழைய அழைப்பையே நகர்த்துவது. இத்தனை நாள் பயன்படுத்தியதில் இதன் பலம் எங்கே, பலவீனம் எங்கே என்று நன்றாகத் தெரிந்துவிட்டது.

ஒரு உதாரணம். புதன்கிழமை மதியம் 3 மணிக்கு ஒரு சப்ளையரோடு விலைப் பேச்சு. கணக்குகளைக் கையில் வைத்திருக்கும் சக ஊழியருக்கு மதியம் 12 மணிக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடுகிறது. அவர் இல்லாமல் பேசினால் எந்த எண்ணையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த நேரத்தில் மின்னஞ்சலை மட்டும் நம்பக்கூடாது. எதிராளி மதியச் சாப்பாட்டில் இருப்பார், அல்லது நம்மைச் சந்திக்கக் கிளம்பியே இருப்பார். அதனால் முதலில் அழைப்பேன். எடுக்கவில்லை என்றால் இரண்டே வரியில் செய்தி: "சார், இன்று 3 மணிச் சந்திப்பை வைத்துக்கொள்ள முடியாத நிலை. மாற்று நேரங்களை மெயிலில் அனுப்புகிறேன்." அப்புறம், சந்திப்பு முடிவான அதே மின்னஞ்சல் தொடரில் இப்படி:

"வணக்கம் சார். இன்று (புதன்) மதியம் 3 மணிச் சந்திப்பைத் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது. விலைக் கணக்கைத் தயாரித்தவர் உடல்நலம் சரியில்லாமல் விடுப்பில் இருக்கிறார். அவர் இல்லாமல் பேசினால் உங்கள் நேரம்தான் வீணாகும். கடைசி நேரத்தில் சொல்வதற்கு மன்னிக்கவும். வெள்ளி காலை 10.30, வெள்ளி மாலை 4, திங்கள் காலை 11: இவற்றில் எது உங்களுக்கு வசதி? முக்கால் மணி நேரம் போதும். நாளை மாலை 5 மணி வரை இந்த மூன்றையும் உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். மூன்றும் ஒத்துவராவிட்டால் உங்களுக்கு ஏற்ற இரண்டு நேரங்களைச் சொல்லுங்கள், நான் மாற்றிக்கொள்கிறேன்."

காரணம் ஒரு வரிதான். அதை நீட்டினால் சாக்குப்போல ஆகிவிடும். சொல்லாமலே விட்டால் இவர்களுக்கு நாம் முக்கியமில்லை என்று எதிராளி நினைப்பார். நேரங்களில் ஒரு காலையும் ஒரு மாலையும் கண்டிப்பாக இருக்க வேண்டும். மூன்றுமே காலையாக இருந்தால், காலையில் வேலையாக இருப்பவருக்கு மூன்றும் ஒரே நேரம் மாதிரிதான். அடுத்த நாளை நான் பெரும்பாலும் தருவதில்லை. அவருடைய அடுத்த நாள் ஏற்கனவே நிரம்பியிருக்கும், விடுப்பில் இருப்பவரும் திரும்பியிருக்கமாட்டார். இரண்டாவது முறையும் தள்ளிப்போட நேர்ந்தால் முதல் மன்னிப்புக்கு மதிப்பே இருக்காது.

பலர் கவனிக்காமல் விடுவது, தந்த மூன்று நேரங்களையும் நம் காலெண்டரில் பூட்டி வைப்பதை. மெயில் அனுப்புவதற்கு முன்பே "ஒதுக்கீடு: விலைப் பேச்சு" என்று மூன்று இடங்களிலும் போட்டுவிடுவேன். இல்லாவிட்டால், அவர் வெள்ளி 10.30 சரி என்று பதில் போடுவதற்குள் உள்ளே வேறு யாரோ அதே நேரத்தில் ஒரு கூட்டத்தை வைத்துவிடுவார்கள். பதில் வந்ததும் மீதி இரண்டை அழித்துவிட வேண்டும். இந்த முறையின் உண்மையான செலவு இதுதான்: ஒருவருடைய பதிலுக்காக மூன்று இடங்கள் முடங்கிக் கிடக்கின்றன. "நாளை மாலை 5 மணி வரை" என்ற கெடு அதற்காகத்தான்.

இனி காலெண்டர் அழைப்பு. பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாக ஒன்று அனுப்புவதே சுத்தமான வழி என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. காலெண்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் iCalendar முறையில் ஒவ்வொரு அழைப்புக்கும் UID என்று ஓர் அடையாளம் உண்டு. நேரத்தை மாற்றும்போது UID அப்படியே இருக்கும், SEQUENCE என்ற எண் மட்டும் கூடும். அதைப் பார்த்துத்தான் எதிர்ப்பக்கக் காலெண்டர், இது பழைய சந்திப்பின் புதிய நேரம் என்று புரிந்துகொள்கிறது. புதிய அழைப்பு என்றால் UID வேறு. பழையதன் ரத்து அவரிடம் சரியாகப் பதிவாகாவிட்டால் இரண்டும் அவர் காலெண்டரில் நிற்கும். பழைய அழைப்பில் சேர்த்திருந்த கோப்புகளையும் குறிப்புகளையும் மறுபடி போட வேண்டியிருக்கும்.

அதனால் மெயில் அனுப்பியதும் பழைய அழைப்பின் தலைப்பில் "ஒத்திவைப்பு" என்று சேர்த்துப் புதுப்பிப்பை அனுப்புவேன். அவர் நேரத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு அதே அழைப்பை அங்கே நகர்த்துவேன். சேமிக்கும்போது விருந்தினர்களுக்குத் தெரிவிக்கவா என்று கூகுள் காலெண்டர் கேட்கும். வெளியாள் இருக்கும் அழைப்பில் அனுப்பு என்றுதான் கொடுக்க வேண்டும். நகர்த்திய பிறகு அவருடைய ஏற்பு வந்ததா என்று ஒரு தடவை பார்க்கவும் வேண்டும். பழைய நேரத்துக்கு அவர் சொன்ன சம்மதம் புதிய நேரத்துக்குப் பொருந்தாது. இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அவர் நம் அழைப்பைத் தன் அலுவலகத்தில் வேறு யாருக்காவது முன்னனுப்பியிருந்தால், நம் பட்டியலில் இல்லாத அந்த ஆளுக்கு மாற்றம் போய்ச்சேரும் என்று நம்ப முடியாது. மெயிலில் "உங்கள் பக்கம் வேறு யாராவது கலந்துகொள்வதாக இருந்தால் அவர்களுக்கும் தெரிவித்துவிடுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் யாரும் வெறும் அறையில் வந்து உட்கார மாட்டார்கள்.

காலெண்டர் அழைப்பை அனுப்பியது அவர், தள்ளிப்போடுவது நாம் என்றால் நிலைமை வேறு. அழைப்பை நகர்த்தும் உரிமை பெரும்பாலும் நமக்கு இருக்காது. கூகுள் காலெண்டரில் Propose a new time, அவுட்லுக்கில் Propose New Time என்ற வசதி இருக்கிறது. ஆனால் அதில் ஒரு தடவைக்கு ஒரு நேரத்தைத்தான் சொல்ல முடியும். அழைத்தவர் அதை அனுமதிக்காமலும் வைத்திருக்கலாம். ஆகவே அப்போதும் மூன்று நேரங்கள் கொண்ட மெயில்தான் முதலில்.

நேரம் தேர்ந்தெடுக்கும் இணைப்பை அனுப்பிவிடுவதையும் கொஞ்ச காலம் செய்து பார்த்தேன். புதுச் சந்திப்புக்கு அது அருமையான வசதி. ஆனால் நாம் தள்ளிப்போட்டுவிட்டு, இங்கே போய் நீங்களே நேரம் தேடிக்கொள்ளுங்கள் என்பது தொந்தரவுக்கு ஆளானவர் தலையிலேயே வேலையைக் கட்டுவது. நெடுநாள் பழகியவர்களிடம் மட்டும், அதுவும் மூன்று நேரங்களுக்குக் கீழே ஒரு உபரி வசதியாகத்தான் இப்போது சேர்க்கிறேன்.

எதிராளி வேறு நாட்டில் இருந்தால் ஒவ்வொரு நேரத்தையும் கிழமை, தேதி, இரு பக்க நேரம் என்று முழுதாக எழுதுவேன். மார்ச்சிலும் அக்டோபர், நவம்பரிலும் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்காவில் கோடைக்கால நேரம் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று தொடங்குகிறது, ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறன்று. வழக்கமாக 5 மணி நேரமாக இருக்கும் நியூயார்க், லண்டன் வித்தியாசம் அந்த இடைவெளியில் 4 மணி நேரமாகிவிடும். இந்த வாரச் சந்திப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளும்போது நடுவே அந்த ஞாயிறு வந்தால், பழைய கணக்கை வைத்து எழுதிய நேரம் ஒரு மணி தவறும்.

பதிலே வராத நிலையும் உண்டு. கெடு முடிந்ததும் மூன்று ஒதுக்கீடுகளையும் அழித்துவிட்டு, அடுத்த நாள் காலையில் ஒரு தடவை அழைப்பேன். பழைய மெயிலை அப்படியே மறுபடி அனுப்புவதில்லை. அதிலுள்ள நேரங்கள் அதற்குள் போயிருக்கும். பேச முடிந்தால் அவர் காலெண்டரைத் திறந்து வைத்திருக்கும்போதே ஒரு நேரத்தை முடிவு செய்து, பேச்சு முடிந்த கையோடு அழைப்பை நகர்த்திவிடுவேன்.