வழக்குரையும் எதிர்வழக்குரையும்: ஒரு கடன் வழக்கில்

10.3.2022 தேதியிட்ட கடன் உறுதிச்சீட்டின் பேரில் 2 லட்சம் ரூபாய் கேட்டு 2.6.2025 அன்று வழக்கு தாக்கலாகிறது என்று கொள்வோம்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7-ஆம் கட்டளைப்படி, வாதி தாக்கல் செய்யும் வழக்குரையில் தரப்பினர் விவரம், வழக்குமூலம் எழுந்த நாள், நீதிமன்ற அதிகாரவரம்பு, வழக்கு மதிப்பு, கோரும் பரிகாரம் ஆகியவை இடம்பெற வேண்டும். இங்கே மூன்றாண்டுக் காலவரம்பு கடந்துவிட்டதால், 2023-இல் பிரதிவாதி வட்டி செலுத்திச் சீட்டின் பின்புறம் கையெழுத்திட்டதையும், அதனால் காலவரம்பு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்குவதையும் வழக்குரையிலேயே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், வழக்குரையைப் படித்த அளவிலேயே அது காலாவதியானது எனத் தெரிந்து நிராகரிக்கப்படலாம்.

பிரதிவாதி பதிலாகத் தரும் எதிர்வழக்குரையின் சுமை வேறு வகையானது. அழைப்பாணை கிடைத்த 30 நாட்களுக்குள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாட்களுக்குள், அதைத் தாக்கல் செய்ய வேண்டும். கதை சொல்வதைவிட, ஒவ்வொரு கூற்றுக்கும் குறிப்பாகப் பதில் சொல்வதே அதன் வேலை. “2 லட்சம் வாங்கவில்லை” என்று மட்டும் எழுதுவது, என் பார்வையில், மிகவும் பரவலான பிழை. 8-ஆம் கட்டளையின்படி, அத்தொகையையோ அதில் ஒரு பகுதியையோ பெறவில்லை என்று மறுக்க வேண்டும், அல்லது உண்மையில் பெற்றது எவ்வளவு என்று கூற வேண்டும். மறுக்காமல் விட்ட கூற்று ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும்.