காலை ரயிலில் கடைசிப் பெட்டி: மூன்று வருட அனுபவம்

கூட்டமில்லாத பெட்டி வேண்டுமென்றால் படிக்கட்டிலிருந்து தள்ளிப் போய் நிற்க வேண்டும். முதல் வருடம் எனக்கு இவ்வளவுதான் தெரியும். எங்கள் நிலையத்தில் படிக்கட்டு ஆறாவது பெட்டி நிற்கும் இடத்தில் இறங்குகிறது. அதனால் முன்கோடிக்கு நடந்து முதல் பெட்டியில் ஏறுவேன். நடைமேடையில் அங்கே நாலு பேர்தான் நிற்போம். ஆனால் வண்டி வரும்போதே வாசல் வரை ஆள் தொங்கும்!

காரணம் பிறகுதான் பிடிபட்டது. எல்லோரும் இறங்கும் பெரிய நிலையத்தில் வெளிவாசல் முதல் இரண்டு பெட்டிகளுக்கு நேராக இருக்கிறது. முன்னாலேயே ஏறியவர்கள் அதைக் கணக்குப் போட்டு முன்பெட்டியில் அடைந்திருந்தார்கள். ஆக, என் நிலையத்துப் படிக்கட்டைவிட, எனக்கு முந்தைய நிலையங்களின் படிக்கட்டும் இறங்குமிடத்து வாசலும்தான் பெட்டியை நிரப்புகின்றன.

அப்புறம் ஒரு வாரம் முந்தைய சந்திப்பு நிலையத்துக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே மேம்பாலம் ஒன்பது, பத்தாவது பெட்டிகளுக்கு நேராக இறங்குகிறது. 1, 2, 6, 9, 10 எல்லாம் கழிந்தால் நடுவில் நாலாவதும் கோடியில் பன்னிரண்டாவதும் மிச்சம். நாலாவதில் இரண்டு பக்கத்து நெரிசலும் வழிந்து வருகிறது. பன்னிரண்டாவதுக்கு ஒரு பக்கம்தான். அதனால் அதையே பிடித்துக்கொண்டேன். உட்கார இடம் அரிதுதான், ஆனால் பையைக் கீழே வைத்து நிற்கலாம்.

நடைமேடைக் குறிகளை நம்பலாம், ஆனால் வரப்போவது எத்தனை பெட்டி வண்டி என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரு பெட்டி சுமார் 20 மீட்டர். எங்கள் நிலையத்தில் ஒன்பது பெட்டி வண்டி நடுவாக நிற்கும், அதாவது இரண்டு கோடியிலும் 30 மீட்டர் வெறுமை. 12 என்ற குறியில் நின்றிருந்த நான் ஒருநாள் ஓடிப் போய், கதவு ஓரத்தில் ஒற்றைக் காலில் பயணம் செய்தேன். இப்போது அறிவிப்புப் பலகையில் பெட்டி எண்ணிக்கையைப் பார்க்காமல் நகர்வதில்லை. ஒன்பது பெட்டி வண்டியில் இந்தத் தந்திரத்துக்குப் பெரிய பலனும் இல்லை, எல்லாப் பெட்டியும் ஒரே நெரிசல்தான்.

முந்தைய வண்டி வராமல் போன நாளிலும் இதே கதி. அன்று பின்னாலேயே இன்னொன்று வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் அதில் கடைசிப் பெட்டி என்ன, எந்தப் பெட்டியிலும் நிற்கலாம்.

மழை நாள் வேறு கணக்கு. கூரை இல்லாத கோடிக்கு யாரும் வருவதில்லை, குடை இருந்தால் எனக்கு லாபம்.

கடைசிப் பெட்டிக்கு ஒரு விலையும் உண்டு. இறங்கியதும் வாசலுக்கு 200 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். அவசரமான நாளில் முதல் பெட்டிதான், மூச்சுத் திணறினாலும் சரி.

மாலையில் இந்தக் கணக்கு அப்படியே புரண்டுவிடுகிறது. வாசல் இருக்கும் பக்கத்திலேயே எல்லோரும் ஏறுகிறார்கள், அதனால் வாசலிலிருந்து எதிர்க்கோடிக்கு நடப்பதே போதுமானது.