ஒரு கிஃப்ட் ஹேம்பரோடு 14 மாதங்கள்

நான் வேலை மாறியபோது பழைய அலுவலக நண்பர்கள் சேர்ந்து ஒரு கிஃப்ட் ஹேம்பர் அனுப்பினார்கள். பிரம்புக் கூடை, உள்ளே கருஞ்சிவப்புக் காகிதக் கீற்றுகள், அதன் மேல் டீத்தூள், ஜாம் பாட்டில், வாசனை மெழுகுவர்த்தி, இரண்டு சோப்பு, ஒரு பீங்கான் கோப்பை. எல்லாவற்றையும் செலோபேனில் சுற்றி, மேலே அழகாக முடிந்த சாட்டின் ரிப்பன். சாமான்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன. கூடையும் காகிதமும் ரிப்பனும் போன மாதம் வரை என்னிடம்தான் இருந்தன. வந்த அன்று இதைப் பற்றி எழுதியிருந்தால் பாராட்டி மட்டுமே எழுதியிருப்பேன்.

அன்றே ஒரு குறை கண்ணில் பட்டது. விற்பனைப் படத்தில் விளிம்புக்கு மேல் எட்டிப் பார்த்த ஜாம் பாட்டில், வந்து சேர்ந்தபோது கழுத்து வரை புதைந்திருந்தது. கோப்பை சோப்பின் மேல் சாய்ந்து கிடந்தது. கீற்றுகளைக் கையால் விலக்கிப் பார்த்தேன். அடி வரைக்கும் அவை மட்டும்தான். இந்தக் கீற்றுகள் விசிறி மடிப்பாக நெளிந்திருப்பதால் அழுத்திவிட்டால் ஸ்பிரிங் மாதிரி எழும்பும். ஆனால் கனமான பாட்டில் அதன் மேல் உட்கார்ந்து வழியெல்லாம் குலுங்கினால், கீற்றுகள் பக்கவாட்டில் ஒதுங்கி வழிவிட்டுவிடும். மேலே அழகுக்குப் போட வேண்டியதைத் தாங்குவதற்கும் நம்பியதுதான் தவறு.

இரண்டாவது குறை தெரிய மூன்று வாரமானது. பிரிக்க மனம் வராமல் செலோபேனோடு அப்படியே அலமாரியில் வைத்திருந்தேன். பிறகு டீ போட்டால், முதல் வாயிலேயே சோப்பு வாசனை! பால் கெட்டுவிட்டதோ என்று பாத்திரத்தைக் கழுவி மறுபடி போட்டேன், அதே வாசனை. டீத்தூள் வெறும் அட்டைப் பெட்டியில், மெல்லிய காகித உறையில் இருந்தது. சுற்றிலும் மூடிய செலோபேன், பக்கத்திலேயே சோப்பும் மெழுகுவர்த்தியும். தேயிலை அக்கம்பக்கத்து வாசனையை அவ்வளவு எளிதாக இழுத்துக்கொள்ளும். ஜாம் பாட்டிலின் மூடி காற்றுப் புகாதது என்பதால் அது தப்பித்தது. யாராவது இப்படிக் கூடை அனுப்பினால் செலோபேனை அன்றே பிரித்துவிடுங்கள். சாப்பிடும் பொருளையும் வாசனைப் பொருளையும் உடனே தனித்தனியாக வையுங்கள்.

காகிதத்தின் சாயமும் ஒரு வேலை செய்தது. கோப்பையைக் கழுவி ஈரம் போகாமல் கூடைக்குள்ளேயே வைத்துவிட்டேன். மறுநாள் எடுத்தபோது அடியில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம். மேலெல்லாம் பட்ட சாயம் துடைத்ததும் போய்விட்டது. அடி விளிம்பில் மெருகு பூசாமல் சொரசொரப்பாக இருக்கும் அல்லவா, அங்கே ஊறியது மட்டும் இன்றுவரை போகவில்லை. இப்போதெல்லாம் வண்ணக் கீற்று எதுவானாலும் ஒரு சிட்டிகை எடுத்து, நனைத்த வெள்ளைத் துணியில் ஒரு நிமிடம் அழுத்திப் பார்க்கிறேன். துணியில் நிறம் ஏறினால் அந்தக் காகிதத்தைத் துணி, சோப்பு பக்கம் சேர்ப்பதில்லை.

போன மாதம் ஒரு தோழிக்கு இதே கூடையில் நானே அடுக்கினேன். முதலில், பாதிக் கூடை உயரத்துக்கு ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்தேன். சுற்றியிருந்த சந்துகளில் பழைய காகிதத்தைக் கசக்கித் திணித்தேன். மேலே இரண்டு விரல் உயரத்துக்கு மட்டும் கீற்றுகள், அதுவும் சாயம் விடாத பழுப்பு நிறத்தில். பாட்டிலைப் பின்பக்கம் நடுவில், அட்டையின் மேலேயே நேராக உட்காரும்படி நிறுத்தி, அடியில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போட்டேன். டீத்தூளை மூடி இறுகிய தகர டப்பாவுக்கு மாற்றினேன். சோப்பு வைக்கவே இல்லை. அப்புறம் கூடையைத் தூக்கி நான்கைந்து முறை நன்றாகக் குலுக்கினேன். ஒரு பிஸ்கட் பெட்டி மட்டும் நகர்ந்தது, அதன் பின்னால் இன்னும் கொஞ்சம் காகிதம் திணித்ததும் நின்றுவிட்டது.

ரிப்பனுக்கு வருகிறேன். முதலில் வந்ததை அவசரத்தில் கத்தரிக்காமல் முடிச்சை அவிழ்த்து எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று. மடிப்புக் கோடுகள் போக, மேலே ஒரு துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்துத் தேய்த்தேன். பாலியெஸ்டர் சாட்டின் என்பதால் சூடு கூடினால் சுருங்கிவிடும். பிரிந்திருந்த நுனிகளைச் சாய்வாக வெட்டி, தீக்குச்சிச் சுடரை லேசாகக் காட்டி எடுத்ததும் நூல் பிரிவது நின்றது. ஓரத்தில் கம்பி இல்லாத ரிப்பன், அதனால் மறுபடி முடிந்ததும் முடிச்சின் இரண்டு காதுகளும் கொஞ்சம் தொங்கத்தான் செய்தன. விரல் நுனியளவு டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி ஒவ்வொரு காதுக்குள்ளும் வைத்தேன்.

கூடை போய்ச் சேர்ந்ததும் தோழி படம் எடுத்து அனுப்பினாள். பாட்டில் நான் நிறுத்திய இடத்திலேயே நின்றிருந்தது. இடது காது மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.