சுக்ரலோஸ் மேல பழி, வயித்துல பால்: நாலு புரோட்டீன் டப்பா ஒப்பீடு

காலைல ஏழே முக்காலுக்கு குரோம்பேட்டைல ஜிம் முடிச்சு ஷேக் குடிச்சிட்டு எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறுவேன், ட்ரெயின்ல ஒண்ணும் ஆகாது, ஆனா ஆபீஸ்ல பத்து மணி மீட்டிங் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல வயிறு மத்தளம் மாதிரி ஆயிடும். ஏசி ரூம், எட்டு பேர், கதவு மூடியிருக்கு, மிச்சத்த நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஜிம் மாஸ்டர்கிட்ட சொன்னேன். டப்பாவ திருப்பி பாத்துட்டு "தம்பி, இதுல சுக்ரலோஸ் இருக்கு பாரு, கெமிக்கல், அதான் கேஸ். ஸ்டீவியா போட்டது வாங்கு, நேச்சுரல்"னாரு. வாங்குனேன். கேஸ் டபுள் ஆச்சு. அங்கேருந்துதான் லேபிள ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன்.

முதல் டப்பா சாதாரண வே கான்சன்ட்ரேட், சாக்லேட் ஃப்ளேவர், ஸ்வீட்னர்னு ஐஎன்எஸ் 955 போட்டிருந்துச்சு, அதான் சுக்ரலோஸ். ரெண்டாவது டப்பா பட்டாணி புரோட்டீன், ஸ்டீவியா (ஐஎன்எஸ் 960), கூட எரித்ரிட்டால் (ஐஎன்எஸ் 968), அப்புறம் "ப்ரீபயாட்டிக் ஃபைபர்"னு பெருமையா ஒரு லைன். பேர் வச்சு பாத்தா ரெண்டாவதுதான் சாது. ஆனா வயிறு பேர பாக்காது, எவ்ளோ கிராம் செரிக்காம பெருங்குடலுக்கு போகுதுன்னுதான் பாக்கும்.

இந்த கிராம் கணக்குலதான் எல்லாமே இருக்கு. சுக்ரலோஸ் சர்க்கரைய விட கிட்டத்தட்ட 600 மடங்கு இனிப்பு, அதனால ஒரு ஸ்கூப்புக்கு சில பத்து மில்லிகிராம் போட்டாலே போதும். அதுலயும் பெரும்பகுதி உடம்புல சேராம அப்படியே வெளிய போயிடும், குடல் பாக்டீரியாவும் அத பெருசா ஒடைக்கிறதில்ல. ஸ்டீவியாவ பாக்டீரியா ஒடைக்கும்தான், ஆனா அதுவும் மில்லிகிராம் கணக்குதான். பாக்டீரியா கேஸ் உண்டாக்கணும்னா அதுக்கு கிராம் கணக்குல தீனி வேணும், ஒரு சிட்டிகைய வச்சு பலூன் ஊத முடியாது. சுக்ரலோஸ் தொடர்ந்து எடுத்தா குடல் பாக்டீரியா மாறுதான்னு ஆராய்ச்சிகள் நடக்குது, முடிவுகள் முன்னுக்குப் பின் முரணா வருது, அது தனி கதை. குடிச்சு ரெண்டு மணி நேரத்துல வர்ற உப்புசத்துக்கு அத காரணம் சொல்றது வேலைக்கு ஆகாது.

அப்போ முதல் டப்பால குற்றவாளி யாரு? நான் அத கலந்தது 300 மில்லி பச்சை பாக்கெட் பால்ல. பால்ல நூறு மில்லிக்கு அஞ்சு கிராம் ஒட்டி லாக்டோஸ்ன்ற பால் சர்க்கரை இருக்கும், அப்போ பால்லயே சுமார் 14 கிராம். கான்சன்ட்ரேட் ஸ்கூப்புல மிஞ்சி மிஞ்சிப் போனா ரெண்டு கிராம். ஆக 16. நம்ம பக்கம் பெரியவங்கள்ல நிறைய பேருக்கு லாக்டோஸ ஒடைக்கிற லாக்டேஸ் என்சைம் சின்ன வயசுக்கு அப்புறம் குறைஞ்சு போயிடும். அப்படிப்பட்டவங்கள்லயும் பல பேர் ஒரே நேரத்துல 12 கிராம் வரைக்கும் பெரிய தொந்தரவு இல்லாம தாங்கிடுவாங்க, அதுக்கு மேல போனாதான் ஒடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்கு போய் பாக்டீரியாவுக்கு விருந்தாகும். நான் தினமும் அந்த கோட்ட தாண்டிட்டு பவுடர திட்டிட்டு இருந்திருக்கேன்.

"எனக்கு பால் ஒத்துக்காதா? டெய்லி தயிர் சாதம் சாப்பிடுறேனே"ன்னு நானும்தான் கேட்டேன். தயிர் வேற. உறையும்போதே கொஞ்சம் லாக்டோஸ் புளிச்சு காலியாயிடும், மிச்சத்துக்கு அந்த பாக்டீரியாவே லாக்டேஸோட உள்ள வந்து ஒடைச்சு கொடுக்கும். காப்பில ஊத்துறதும் நூறு மில்லிதான் இருக்கும். தயிரும் காப்பியும் சரியா போறதால 300 மில்லி பால் மடமடன்னு குடிச்சாலும் சரியா போகும்னு அர்த்தம் இல்ல.

இப்போ ரெண்டாவது டப்பா. இதுல பால் கிடையாது, லாக்டோஸ் சுத்தமா பூஜ்யம், தண்ணிலதான் கலந்தேன், ஆனாலும் மோசம். வில்லன் அந்த ப்ரீபயாட்டிக் லைன்ல இருந்துச்சு. பொடி எழுத்துல பாத்தா இனுலின், சிக்கரி வேர்லேருந்து எடுத்தது, ஸ்கூப்புக்கு 5 கிராம். நான் காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, அப்போ 10 கிராம். இனுலின ஒடைக்க மனுஷன்கிட்ட என்சைமே கிடையாது, லாக்டேஸ் இருக்கா இல்லையான்ற பேச்சே இல்ல, எல்லாருக்கும் அப்படியே பெருங்குடலுக்குதான் போகும், அங்க புளிக்கும். அது கெட்டது இல்ல, மெதுவா கூட்டுனா பல பேருக்கு பழகிடும், ஆனா முதல் நாளே பத்து கிராம் இறக்குனா என் கதிதான். சிக்கரின்னதும் என் வீட்ல "ஃபில்டர் காப்பியும் நிறுத்தணுமா"ன்னு பதறிட்டாங்க. அதெல்லாம் வேணாம், காப்பில போடுற சிக்கரிய வறுக்கும்போதே இனுலின் கணிசமா ஒடைஞ்சிடும், டிகாக்ஷன்ல இறங்குறதும் கொஞ்சம்தான்.

இது லேபிள்ல பல வேஷத்துல வரும். சிக்கரி ரூட் ஃபைபர், ஒலிகோஃப்ரக்டோஸ், எஃப்ஓஎஸ், எல்லாம் ஒரே குடும்பம். லேசா இனிக்கும்ன்றதால ஸ்டீவியாவோட கசப்ப மறைக்கவும் கம்பெனிக்கு வசதி, அதனாலதான் "நேச்சுரல் ஸ்வீட்னர்" டப்பால இது அடிக்கடி ஒட்டிட்டு வருது. மாஸ்டர் சொன்ன மாதிரி ஸ்வீட்னர பாத்து மாத்துனா இந்த கூட்டாளிய கூடவே வீட்டுக்கு கூட்டிட்டு வந்துடுவோம்.

எரித்ரிட்டால் பத்தி ஒரு வார்த்தை. பேர் "ஆல்"னு முடியறதால சர்பிட்டால், மால்டிட்டாலோட சேத்து திட்டுவாங்க. உண்மைல எரித்ரிட்டால் பெரும்பகுதி சிறுகுடல்லயே உறிஞ்சப்பட்டு சிறுநீர்ல போயிடும், ஷேக்ல இருக்குற ரெண்டு மூணு கிராம் பெருசா ஒண்ணும் பண்ணாது. மால்டிட்டால் (ஐஎன்எஸ் 965), சர்பிட்டால் (420) அப்படி இல்ல, அரைகுறையாதான் உறிஞ்சும், மிச்சம் புளிக்கும், அதோட தண்ணியையும் குடலுக்குள்ள இழுக்கும். நல்லவேளை பவுடர்ல இது ரெண்டும் அபூர்வம், பார்லதான் ஜாஸ்தி. சுகர் ஃப்ரீ புரோட்டீன் பார் ஒண்ணுல 10, 15 கிராம் கூட இருக்கும், பின்னாடி பேதி வரலாம்னு எச்சரிக்கையும் போட்டிருப்பாங்க. ஷேக்கையும் பாரையும் ஒண்ணா சாப்பிட்டு ஷேக்க திட்டாதீங்க.

மூணாவது டப்பா ஐசோலேட், அதே சுக்ரலோஸ்தான். கான்சன்ட்ரேட்ட விட இன்னும் வடிகட்டுனது, லாக்டோஸ் ஸ்கூப்புக்கு அரை கிராம் கூட தேறாது. கிலோவுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல கூட கேட்டாங்க. என் ஜிம்ல ஒரு பையனுக்கு கான்சன்ட்ரேட்ட தண்ணில கலந்தாலே உப்புது, அந்த ரெண்டு கிராமே அவனுக்கு ஜாஸ்தி, ஐசோலேட் மாத்துனான், நின்னுடுச்சு. ரெண்டுலயும் ஸ்வீட்னர் ஒண்ணுதான்றத கவனிங்க, சுக்ரலோஸ்தான் காரணம்னா அவனுக்கு நின்னிருக்கக் கூடாது. அவனுக்கு அந்த காசு நியாயம். ஆனா ஐசோலேட் வாங்கி அத பால்ல கலக்குறவன பாத்தா எனக்கு சிரிப்புதான் வருது, டப்பால ஒன்றரை கிராம் மிச்சம் பண்ணிட்டு டம்ளர்ல 14 கிராம் ஊத்துறான்.

நாலாவது ஃப்ளேவர் இல்லாத கான்சன்ட்ரேட், ஸ்வீட்னரே கிடையாது. ருசி, சுண்ணாம்பு கரைச்சு குடிச்ச மாதிரி. இத நான் வாங்குனது சந்தேகத்த தீத்துக்க. தண்ணில இதுவும் சரி, தண்ணில சாக்லேட்டும் சரி, வித்தியாசமே தெரியல.

உங்க வயித்துல எதுன்னு கண்டுபிடிக்க டப்பா டப்பாவா வாங்க வேணாம், கையில இருக்குறத வச்சே பாக்கலாம். மூணு நாள் அதே ஸ்கூப், தண்ணில மட்டும், வாழைப்பழம் ஓட்ஸ் எதுவும் சேக்காம. அடுத்த மூணு நாள் பவுடரே இல்லாம 300 மில்லி பால் மட்டும், அதே நேரத்துல, அதே மாதிரி வேகமா. பால்ல உப்பி தண்ணில உப்பலன்னா விஷயம் முடிஞ்சுது, தண்ணிக்கு மாறுங்க, புது டப்பா வேணாம். தண்ணிலயும் உப்புனா லேபிள்ல இனுலின் கோஷ்டி, மால்டிட்டால் இருக்கான்னு பாருங்க, அதுவும் இல்லாத கான்சன்ட்ரேட்டா இருந்தா அப்போ ஐசோலேட் ஒரு சின்ன பாக்கெட். அதுலயும் உப்புனாதான் ஸ்வீட்னர் இல்லாதத ட்ரை பண்றதுல அர்த்தம் இருக்கு. ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்த மாத்துனா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாம போயிடும், நான் அப்படித்தான் ஒரு மாசம் வீணாக்குனேன்.

நேரத்தையும் கவனிங்க. குடிச்ச பத்து நிமிஷத்துல ஏப்பமா வந்தா அது நுரை, வேற ஒண்ணும் இல்ல. வே புரோட்டீன் ஷேக்கர்ல அடிச்சா நல்லா நுரைக்கும், அந்த காத்த அப்படியே முழுங்குறோம், குலுக்கிட்டு பத்து நிமிஷம் வச்சுட்டு குடிச்சா சரியாயிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகி கீழ் வயிறு உப்பி கடமுடன்னா அது புளிக்கிறது, லாக்டோஸ் இல்லன்னா இனுலின். நாத்தம் வேற கணக்கு, ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடுக்கு வாசனையே கிடையாது, அழுகுன முட்டை வாடை கந்தகத்தோட வேலை, வே புரோட்டீன்ல கந்தகம் உள்ள அமினோ அமிலம் ஜாஸ்தி. நிறைய வருது ஆனா நாறலன்னா பால் பக்கம் பாருங்க, கொஞ்சமா வந்து ரூமே காலியாகுதுன்னா ஒரே நேரத்துல ரெண்டு ஸ்கூப் போடுறத ஒண்ணா குறைச்சு பாருங்க. இது ஒரு குத்துமதிப்பு அடையாளம்தான், டெஸ்ட் இல்ல. சரியான டெஸ்ட் வேணும்னா கேஸ்ட்ரோ டாக்டர்கிட்ட லாக்டோஸ் குடிக்க வச்சு மூச்சுல ஹைட்ரஜன் அளக்குறது இருக்கு. ரத்தம் போறது, எடை தானா குறையறது, ராத்திரி தூக்கத்துலேருந்து வயித்துவலி எழுப்புறது, இதெல்லாம் இருந்தா இந்த டப்பா ஆராய்ச்சிய விட்டுட்டு நேரா அவர்கிட்ட போயிடுங்க.

நான் இப்போ முதல் டப்பாக்கே திரும்பிட்டேன், அதே சாக்லேட், அதே சுக்ரலோஸ், ஆனா தண்ணில. பட்டாணி புரோட்டீன் பாதி டப்பா மிச்சம் இருக்கு, வாரத்துக்கு ரெண்டு நாள் அரை ஸ்கூப், அதுவும் ஞாயித்துக்கிழமையும் லீவு நாள்லயும் மட்டும். மாஸ்டர்கிட்ட விஷயத்த சொன்னேன். "தண்ணில குடிச்சா மசில் ஏறாது தம்பி"னாரு.