நுண்ணோக்கியா, சிபிநாட்டா: முதல் நாளும் அறுபதாம் நாளும்

காசநோய் பற்றிய வாய்மொழித் தேர்வில் மாணவர்கள் அதிகம் இடறுவது மருந்தளவில் அல்ல, சளிக்குச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் ஆகிய இரண்டில் எந்தச் சளிப் பரிசோதனையை எப்போது கேட்பது என்பதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. "சிபிநாட்தான் மேலானது" என்று ஒரே வரியில் விடை சொல்பவர் நோயறியும் நாளில் சரியாகச் சொன்னவர். இரண்டாம் மாத இறுதியில் அதே விடை தவறாகிவிடும்.

தேர்வில் வரக்கூடிய ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 42, எடை 46 கிலோ, மூன்று வாரமாக இருமல், மாலையில் காய்ச்சல். இதற்கு முன் காசநோய் மருந்து எடுத்ததில்லை. உடனே வாங்கிய சளி, மறுநாள் அதிகாலைச் சளி ஆகிய இரண்டிலும் சீல்–நீல்சன் சாயத்தில் கிருமி தென்படவில்லை. சிபிநாட்டிலோ காசநோய்க் கிருமி இருப்பதாகவும், ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு அதனிடம் எதிர்ப்பு இல்லை என்றும் முடிவு வந்தது. இதில் முரண்பாடு எதுவுமில்லை. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் நுண்ணோக்கியில் அவை கண்ணில் படும். சிபிநாட்டுக்கு நூற்றுச் சொச்சம் போதும். அதோடு, ரிஃபாம்பிசின் எதிர்ப்புக்குக் காரணமான ஆர்பிஓபி மரபணு மாற்றத்தையும் அது இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடுகிறது. நோயறிவதற்கு, வசதி உள்ள இடத்தில், முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

இந்தியத் தேசியத் திட்டப்படி இவருக்கு முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்ப்யூட்டால் ஆகிய நான்கும், அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலான மூன்றும், தினமும் தரப்படும். எடை 35 முதல் 49 கிலோவுக்குள் இருப்பதால் நாளொன்றுக்கு மூன்று கூட்டு மாத்திரைகள். நாலாவது மாத்திரை எப்போது என்று கேட்டால், எடை 5 கிலோ அல்லது அதற்கு மேல் கூடி அடுத்த எடைப் பிரிவுக்குள் போகும்போது என்பதே விடை.

மூன்றாம் வாரத்தில் அவர் குமட்டலோடும், சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்ற பயத்தோடும் வருகிறார். கண்ணின் வெண்படலம் வெள்ளையாகவே இருக்கிறது. அந்த நிறம் ரிஃபாம்பிசினுடையது, அதற்காக எதையும் நிறுத்த வேண்டியதில்லை. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் இரத்த அளவான ஏஎல்டி 96, ஆய்வகத்தின் இயல்பான உச்ச அளவு 40. அறிகுறி இருக்கும்போது மூன்று மடங்கை, அதாவது 120ஐ, தாண்டியிருந்தாலோ, அறிகுறியே இல்லாமல் ஐந்து மடங்கான 200ஐத் தாண்டியிருந்தாலோ, ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றையும் நிறுத்தியிருக்க வேண்டும். எத்தாம்ப்யூட்டால் கல்லீரலைப் பொதுவாகத் தாக்குவதில்லை. அதில் கவனிக்க வேண்டியது பார்வைக் கூர்மையும் சிவப்பு–பச்சை நிற வேறுபாடும். இவருக்கு மருந்தைத் தொடர்ந்துகொண்டே ஏஎல்டியை மீண்டும் பார்த்தால் போதும்.

அறுபதாம் நாள் எடை 48.5 கிலோ, இருமல் இல்லை, சளியில் கிருமி இல்லை. இந்த நிலையில் ஆர்வக் கோளாறில் யாராவது சிபிநாட்டும் அனுப்பிவிட்டால், கிருமி இருப்பதாகவே முடிவு வரக்கூடும். அது தேடுவது மரபணுவை. செத்த கிருமியின் மரபணுவும் சளியில் வாரக்கணக்கில் தங்கும். எனவே சிகிச்சைக்கு நோய் அடங்குகிறதா என்று பார்க்க அது உதவாது. இங்கே நுண்ணோக்கிக்கே முதலிடம் என்றாலும், அதன் குறையையும் சொல்லியாக வேண்டும்: தொடக்கத்திலேயே கிருமி தென்படாத ஒருவரிடம் இப்போதும் தென்படாதது பெரிய செய்தி அல்ல, அவரைப் பொறுத்தவரை கூடிய எடையும் நின்ற காய்ச்சலுமே அதிகம் பேசுகின்றன.

மாறாக அன்று சளியில் கிருமி தென்பட்டிருந்தால் சிபிநாட் மறுபடியும் தேவைப்படும். சாயம் ஏற்பதில் செத்த கிருமிக்கும் உயிருள்ள கிருமிக்கும் வேறுபாடு இல்லை. உயிர் உண்டா என்பதை வளர்ப்புச் சோதனைதான் சொல்லும், அதற்கு வாரங்கள் ஆகும். அதுவரை சிபிநாட் முடிவின் இரண்டு வரிகளில் முதல் வரியை, அதாவது கிருமி உண்டு என்பதை, பொருட்படுத்தாமல், ரிஃபாம்பிசின் பற்றிய இரண்டாவது வரியை மட்டும் படிக்க வேண்டும். முதல் கட்டத்தை ஒரு மாதம் நீட்டும் பழைய வழக்கம் இப்போது இல்லை.

ஆறு மாதம் முடிந்து கடைசிச் சளியிலும் கிருமி இல்லையென்றால், இவரை "குணமானவர்" என்று எழுதுவதா, "சிகிச்சை முடித்தவர்" என்று எழுதுவதா? நுண்ணோக்கியில் ஒருநாளும் கிருமி தென்படாதவர் என்பதால் பலரும் இரண்டாவதை எழுதுகிறார்கள். ஆனால் சிபிநாட் மூலம் உறுதியானதும் நுண்ணுயிரியல் உறுதிப்பாடே. ஆகவே இவர் குணமானவர், 6, 12, 18, 24ஆம் மாதங்களில் மறுபடி வந்து காட்ட வேண்டியவர்.