யூடியூப், தேடல் விளம்பரம், ரீடார்கெட்டிங்: எது எந்தக் கட்டத்துக்கு?

வீடியோ என்றால் அறிமுகம், மெயில் என்றால் பரிசீலனை, தேடல் விளம்பரம் என்றால் வாங்குதல். பல டீம்களின் கேம்பெய்ன் ஷீட்டில் இப்படித்தான், வாடிக்கையாளர் வாங்கும்வரை கடக்கும் கட்டங்களைச் சேனலின் பெயரைப் பார்த்தே பிரித்திருப்பார்கள். நிரப்புவதற்கு இது வசதிதான். ஆனால் கட்டம் என்பது சேனலுக்கு உரியது இல்லை, விளம்பரத்தைப் பார்க்கும் ஆளுக்கு உரியது. ஒரே சேனல் மூன்று கட்டத்திலும் வேலை செய்யும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்காக, முதுகுத் தாங்கலை ஏற்றி இறக்கக்கூடிய நாற்காலியை ஒரு நிறுவனம் ஆன்லைனில் விற்கிறது. கூகுளில் ஒருவர் "உட்கார்ந்தால் முதுகு ஏன் வலிக்கிறது" என்று தேடுகிறார். இப்படி ஒரு நாற்காலி இருப்பதே அவருக்குத் தெரியாது, அவர் அறிமுகக் கட்டத்தில் இருக்கிறார். இன்னொருவர் "முதுகு வலிக்கு எந்த நாற்காலி நல்லது" என்று தேடுகிறார். அவர் பரிசீலனையில் இருக்கிறார். மூன்றாமவர் அந்த பிராண்டின் பெயரோடு "விலை" என்று சேர்த்துத் தேடுகிறார். அவர் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டார். மூன்றுமே தேடல்தான். மூவரையும் ஒரே ப்ராடக்ட் பக்கத்துக்கு அனுப்பினால் முதல் ஆள் சில நொடிகளில் வெளியேறுவார், அந்த கிளிக்குக்குக் கொடுத்த காசு வீண்.

அதனால் எந்த வேலையை எங்கே வைப்பது என்று குழப்பம் வந்தால் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். இதைப் பார்க்கிறவருக்கு ஏற்கனவே என்ன தெரியும்? பார்த்து முடித்ததும் அவர் எடுத்து வைக்கக்கூடிய நியாயமான அடுத்த அடி எது? இரண்டுக்கும் பதில் கிடைத்தால் எதை வைத்து அளப்பது என்பதும் அநேகமாகத் தெரிந்துவிடும்.

முதலில் அறிமுகம். இங்கே போட்டி யூடியூப் வீடியோவுக்கும் பிரச்சினையைப் பற்றிய தேடலுக்கும்தான். தேடல், ஏற்கனவே வலியை உணர்ந்து கேள்வி கேட்பவரை மட்டுமே பிடிக்கும். ஆள் குறைவு, ஆனால் கவனம் அதிகம். வீடியோ, கேள்வியே கேட்காதவரிடமும் போய்ச் சேரும். அதற்கு விலை உண்டு: ஸ்கிப் செய்யக்கூடிய விளம்பரத்தை 5 நொடியில் தாண்டிவிடலாம், எனவே பிரச்சினையும் பிராண்டின் பெயரும் அந்த 5 நொடிக்குள் வந்தாக வேண்டும். யூடியூப் இந்த வகை விளம்பரத்தில் 30 நொடி ஓடினால்தான் (விளம்பரம் அதைவிடச் சின்னது என்றால் முழுவதும் ஓடினால்), அல்லது பார்ப்பவர் அதைத் தொட்டால்தான், ஒரு வியூ என்று கணக்கு வைக்கும். ஆக வியூவை மட்டும் பார்த்தால், 5 நொடி பார்த்துப் பெயரை மனதில் வாங்கிக்கொண்டு ஸ்கிப் செய்தவர் கணக்கிலேயே வரமாட்டார். எத்தனை பேரைச் சென்றடைந்தது, அடுத்த சில வாரங்களில் பிராண்டின் பெயரைத் தேடுபவர்கள் கூடினார்களா என்று பார்ப்பது மேல். இந்த வீடியோவை முதல் வாரத்து விற்பனையை வைத்து எடைபோட்டு நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

பரிசீலனைக் கட்டத்தில்தான் வேலை மிகவும் குறைவாக நடக்கிறது என்பது என் எண்ணம். ஒப்பீட்டுப் பக்கம், அளவு பார்க்கும் வழிகாட்டி, வாங்கியவர்களின் விரிவான ரிவ்யூ, வாரம் ஒரு மெயில் என்று இங்கே நிறைய செய்யலாம். ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் ஒப்பீட்டுப் பக்கத்தையே எடுப்பேன். மெயிலுக்கு முதலில் முகவரி வேண்டும், ஒப்பீட்டுப் பக்கமோ தேடலில் வருபவரையும் பிடிக்கும், வீடியோ பார்த்துவிட்டு வருபவரையும் பிடிக்கும். "உயரம் குறைந்தவர்களுக்கு இந்த மாடல் பொருந்தாது" என்று அதில் நேராக எழுதிவிட்டால் ரிட்டர்னும் குறையும். இந்தக் கட்டம் காலியாக இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? புதிதாக வருபவர்கள் கூடிக்கொண்டே இருப்பார்கள், ஆனால் ஒரு முறை வந்தவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

அப்புறம் வாங்கும் கட்டம். பிராண்ட் பெயருக்கான தேடல் விளம்பரம், ஏற்கனவே தளத்துக்கு வந்துபோனவருக்கு மறுபடியும் விளம்பரம் காட்டும் ரீடார்கெட்டிங், கார்ட்டில் போட்டுவிட்டுப் போனவருக்கு அனுப்பும் மெயில் ஆகியவை இங்கே போட்டியிடும். ரிப்போர்ட்டில் மூன்றுமே அமோகமாகத் தெரியும், ஏனென்றால் வாங்குவதற்குச் சற்று முன் நடந்த கடைசி கிளிக் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அதனால் பட்ஜெட்டும் இந்தக் கடைசிக் கட்டத்தை நோக்கியே சரியும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த விளம்பரம் இல்லாவிட்டாலும் அவர் வாங்கியிருப்பாரா?

ஈபே 2012-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. தன் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் நிறுத்தியது. விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும், கீழே இருந்த சாதாரண இணைப்பைச் சொடுக்கி வந்துவிட்டார்கள். ஆனால் ஈபே எல்லோருக்கும் தெரிந்த பெயர். உங்கள் பெயரைத் தேடும்போது போட்டியாளரின் விளம்பரம் மேலே நின்றால் அந்த முடிவு உங்களுக்கு அப்படியே பொருந்தாது. பெயரைத் தேடிப் பாருங்கள், மேலே யாரும் இல்லை என்றால் ஒரு பகுதியில் மட்டும் நிறுத்திப் பார்க்கலாம்.

ரீடார்கெட்டிங்குக்கும் இதே சோதனை செல்லும். நாற்காலியைக் கார்ட்டில் போட்டுவிட்டுப் போனவர்கள் 10,000 பேர் என்று வையுங்கள். குலுக்கல் முறையில் 5,000 பேருக்கு விளம்பரத்தைக் காட்டி, மற்ற 5,000 பேருக்குக் காட்டாமல் விடுகிறோம். காட்டியவர்களில் 200 பேர் வாங்கினார்கள், காட்டாதவர்களில் 160 பேர் வாங்கினார்கள் என்றால், விளம்பரம் கொண்டுவந்தது 40 விற்பனைதான். 200 பேரும் விளம்பரத்தைத் தொட்டோ பார்த்தோ இருந்தால் ரிப்போர்ட் 200-ஐயும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். அதாவது ஒரு விற்பனைக்கான உண்மையான செலவு, ரிப்போர்ட் காட்டுவதைப் போல ஐந்து மடங்கு. அப்போதும் லாபம் நின்றால் சரி, தொடரலாம். நிற்கவில்லை என்றால் அந்தப் பணம் பரிசீலனைக் கட்டத்துக்குப் போகட்டும். எண்ணிக்கை சிறியதாக இருந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். 5 விற்பனைக்கும் 4 விற்பனைக்கும் உள்ள வித்தியாசம் எதையும் நிரூபிக்காது.

வாங்கும் கட்டத்தின் அந்த மூன்றில் நான் முதலில் தொடங்குவது கார்ட் மெயில். அனுப்பும் செலவு மிகக் குறைவு, அதனால் கூடுதலாக வரும் விற்பனை கொஞ்சம்தான் என்றாலும் கட்டுபடியாகும். முதல் மெயிலிலேயே தள்ளுபடி கொடுக்காதீர்கள். எப்படியும் வாங்கவிருந்தவருக்கும் விலை குறையும், அடுத்த முறை அவர் வேண்டுமென்றே கார்ட்டில் போட்டுவிட்டுக் காத்திருப்பார்.

ரீடார்கெட்டிங்கை நிறுத்தத்தான் வேண்டும் என்பதில்லை, இடத்தை மாற்றலாம். ப்ராடக்ட் பக்கத்தை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டுப் போனவரிடம் "இன்றே வாங்குங்கள்" என்று ஒரு வாரம் துரத்துவதைவிட அந்த ஒப்பீட்டுப் பக்கத்தைக் காட்டுங்கள், திரும்பி வந்தாரா என்று அளந்து பாருங்கள். கார்ட் வரை போனவரைத் தனிப் பட்டியலில் வையுங்கள். வாங்கி முடித்தவரை எல்லாப் பட்டியலிலிருந்தும் அன்றே நீக்குங்கள்.